துவம்சம் இல்லாமல் ஒரு மேட்ச் ரிப்போர்ட்

"விளையாட்டுச் செய்தி எழுத ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. துவம்சம், வெறியாட்டம், பழிதீர்த்தது, சரணடைந்தது மாதிரி வார்த்தைகள் எனக்குப் பிடிக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டு எழுதினால் ‘சப்புனு இருக்கு, அரசாணை மாதிரி இருக்கு’ என்கிறார் எங்கள் ஆசிரியர். சண்டை வார்த்தை இல்லாமல் விறுவிறுப்பாக எழுத வழி உண்டா?"

உண்டு. ஆனால் உங்கள் ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ‘துவம்சம் செய்தது’ என்ற இடத்தில் ‘வென்றது’ என்று மாற்றி வைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் செய்தி சப்பென்றுதான் ஆகும். அந்த வாக்கியத்துக்குள் ஆட்டம் முதலிலிருந்தே இல்லை. இல்லாததை அந்த வார்த்தையின் சத்தம் மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். மூடியை எடுத்ததும் காலிப் பானை தெரிகிறது. அதனால் எந்த வார்த்தையை நீக்குவது என்று யோசிப்பதைவிட, அந்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைப்பது என்று யோசிப்பதுதான் வேலை.

இருபது வருடங்களுக்கு மேல் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்தவன் நான். ஆரம்பத்தில் நானும் எல்லோரையும்போல ‘பந்தாடியது’, ‘சூறையாடியது’ என்றுதான் எழுதினேன். நான் மாறியதற்குக் காரணம் ஒரு கபடிப் போட்டி. தென் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர் அணிகள் இரண்டு. முந்தின வருடம் தோற்ற அணி அந்த வருடம் ஜெயித்தது. ‘பழிதீர்த்தது’ என்று தலைப்புப் போட்டேன். மறுநாள் காலையில் போட்டி நடத்திய பெரியவர் போன் செய்தார். கோபப்படவில்லை. "தம்பி, அந்த வார்த்தைய ஏன் போட்டீங்க? எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம்ப்பா" என்றார். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே பல வருடங்களுக்கு முன்னால் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது, வழக்கும் போயிருக்கிறது. பையன்கள் ஒன்றாக விளையாடட்டும் என்றுதான் அவர் அந்தப் போட்டியையே ஆரம்பித்திருக்கிறார். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எழுதிய ஒரு வார்த்தையை டீக்கடையில் சத்தம் போட்டு வாசித்திருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையான பதில், யோசிக்காமல் போட்டேன் என்பதுதான். அந்தப் போட்டியில் கடைசி ரெய்டில் என்ன நடந்தது என்று என் செய்தியில் ஒரு வரி கூட இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, ஒரு மேட்சை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட்டின் நான்காவது நாள். சண்டை வார்த்தைக்கு இதைவிடத் தோதான மேட்ச் கிடைக்காது என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன்.

விவரம் இதுதான். இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. முதல் இன்னிங்ஸில் ரன் எடுக்காமல் வெளியேறிய டெண்டுல்கரும் விக்கெட் கீப்பர் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். 218-ல் மோங்கியா அவுட். அடுத்து வந்த சுனில் ஜோஷியோடு 36 ரன். அதற்குள் டெண்டுல்கருக்கு முதுகுவலி தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. 254-ல், இன்னும் 17 ரன் இருக்கும்போது, சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடிக்கப் போய், வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தார். 136 ரன். மீதி மூன்று விக்கெட்டுக்கும் சேர்த்து வந்தது 4 ரன்தான். 258 ஆல் அவுட். பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. சக்லைனுக்கு இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்.

இதைப் பழைய பாணியில் எழுதினால் எப்படி இருக்கும் என்று நானே எழுதிக் காட்டுகிறேன்:

"பரம எதிரி பாகிஸ்தானுடனான சேப்பாக்கம் யுத்தத்தில் இந்தியா மண்ணைக் கவ்வியது. தனி ஒருவனாகப் போராடிய சச்சின், எதிரிகளின் பந்துவீச்சைச் சிதறடித்து சதம் விளாசினார். ஆனால் சக்லைன் வைத்த குறியில் அவர் சாய்ந்ததும், மற்ற வீரர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டு சரணடைந்தனர்."

வேகமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இந்தப் பத்தியை அப்படியே தூக்கிப் பெயர்களை மட்டும் மாற்றினால் வேறு எந்த மேட்சுக்கும் போட்டுவிடலாம். சச்சின் தனி ஒருவன் என்பதும் பொய். மோங்கியா அரைச் சதம் அடித்து 136 ரன் கூட்டணியில் மறுபக்கம் நின்றிருக்கிறார். சண்டைக் கதைக்கு ஒரு நாயகன் போதும் என்பதால் மோங்கியாவைக் கதையே விழுங்கிவிட்டது. முதுகுவலி இல்லை, 17 என்ற எண் இல்லை. ‘சரணடைந்தனர்’ என்பது தவறு மட்டுமில்லை, அநியாயமும்கூட. கடைசி மூவரும் பந்துவீச்சாளர்கள். நான்காம் நாள் ஆடுகளத்தில் அக்ரமையும் சக்லைனையும் சமாளிக்க முயன்று அவுட் ஆனார்கள். யாரும் எதையும் கீழே போடவில்லை.

இப்போது அதே விஷயம் வேறு விதமாக:

"தேவை 17 ரன். கையில் நான்கு விக்கெட். டெண்டுல்கரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டே ஆடியவர், இனி ஓடி எடுப்பது கஷ்டம் என்பதுபோல் பந்துகளைத் தூக்கி அடிக்கத் தொடங்கியிருந்தார். சக்லைன் அடுத்த பந்தை வீச, அதையும் தூக்கினார். பந்து போன தூரத்தைவிட ஏறிய உயரம் அதிகம். கீழே வாசிம் அக்ரம் நின்றார், பிடித்தார். சேப்பாக்கம் அடங்கிப்போனது. 82-க்கு 5 என்ற நிலையிலிருந்து மோங்கியாவோடு 136 ரன், ஜோஷியோடு 36 ரன் என்று சேர்த்து 254 வரை கொண்டுவந்தவர் போய்விட்டார். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுக்கும் சேர்த்து நான்கு ரன் வந்தது. தேவைப்பட்டது பதினேழு."

இதில் சண்டை வார்த்தை ஒன்றுகூட இல்லை. சத்தம் போட்டு இரண்டையும் வாசித்துப் பாருங்கள், எது வேகமாக ஓடுகிறது என்று தெரியும். என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நாலைந்து விஷயம்தான் இருக்கிறது, எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும்.

முதலில் எழுவாய். பழைய பத்தியில் தோற்றது ‘இந்தியா’, எதிரே இருப்பது ‘பாகிஸ்தான்’. நாட்டுக்குக் கை கால் கிடையாது. அதனால் நாட்டை எழுவாயாக வைத்த உடனே, நாடுகள் செய்யும் வேலைதான் வினையாக வந்து உட்காரும். நாடுகள் என்ன செய்யும்? படையெடுக்கும், நசுக்கும், சரணடையும். எழுவாயை ஒரு ஆளாக மாற்றுங்கள். ஆளுக்கு முதுகு உண்டு, கண் உண்டு, கை நடுங்கும். அவர் தூக்குவார், தடுப்பார், குனிவார், ஓடுவார். வினை தானாகவே ஆட்டத்துக்குள் வந்துவிடும். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடுகிறது. கடைசியில் ஸ்கோர் சொல்லும் இடத்தில் மட்டும் ‘பாகிஸ்தான் அணி’ என்று அணிக்குப் போகலாம்.

இரண்டாவது, எண்ணைக் கடிகாரம்போல் ஓட விடுவது. நம் செய்திகளில் எண்கள் எல்லாம் கடைசிப் பத்தியில் மூட்டையாகக் கிடக்கும். ஆனால் விரட்டும் ஆட்டத்தில் படபடப்பைத் தருவதே எண்தான். 271, அப்புறம் மோங்கியா அவுட் ஆனபோது 53, அப்புறம் 17. குறைந்துகொண்டே வரும் அந்த எண்ணை வாசகர் கையில் கொடுத்துவிட்டால் போதும், ‘பரபரப்பான’ என்ற வார்த்தையே தேவைப்படாது. ஆனால் மூன்று எண்ணுக்கு மேல் போனால் படிப்பவருக்குக் கணக்கு வகுப்பு ஆகிவிடும். கையில் இருக்கும் முப்பது எண்ணில் மூன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நிருபரின் திறமை.

மூன்றாவது தமிழுக்கே உள்ள வசதி. நம் மொழியில் முற்று வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் வினையெச்சங்களை எவ்வளவு வேண்டுமானாலும் கோக்கலாம். வேகமாக நடக்கும் ஒரே ஆளின் செயலை எச்சங்களாகக் கோத்து, கடைசியில் ஒரு முற்றில் நிறுத்தினால், வாசகர் மூச்சுவிடாமல் ஓடிவந்து அந்த முற்றில்தான் நிற்பார். அந்தக் கபடி ரெய்டை இன்றைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன்: "இடது ஓரத்தில் நின்றவர் கணுக்காலைப் பிடித்துவிட, குப்புற விழுந்து, விழுந்த வேகத்திலேயே உடம்பை இழுத்து, வலது கையை நீட்டி, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டார்." இதை ‘எதிரணியின் கோட்டைக்குள் புகுந்து சூறையாடினார்’ என்று எழுதினால், விரல் நுனி போய்விடுகிறது. அன்று மைதானத்தில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று பார்த்தது அந்த விரல் நுனியைத்தான்.

எதிர்மாறாக, ஆட்டம் உறையும் இடத்தில் எச்சத்தை விட்டுவிட்டு முற்றுகளைத் தனித்தனியாக வையுங்கள். ‘நின்றார், பிடித்தார்’ என்று நான் எழுதியது அதற்குத்தான். நீளமும் குட்டையும் மாறி மாறி வந்தால் அதுவே ஒரு தாளம். எல்லா வாக்கியமும் குட்டையாக இருந்தால் தந்தி அடித்ததுபோல் இருக்கும், எல்லாம் நீளமாக இருந்தால் உங்கள் ஆசிரியர் சொன்ன அரசாணைதான்.

நான்காவது, பந்துக்கான வினைச் சொற்கள். இதில் தமிழ் பெரிய பணக்கார மொழி, நாம்தான் பத்துச் சொல்லோடு காலம் தள்ளுகிறோம். பந்து எகிறும், தாழும், வழுக்கும், வளையும், நின்று வரும், திரும்பும், உரசும், உருளும், நழுவும். ஆட்டக்காரர் தட்டுவார், தள்ளுவார், திருப்புவார், ஒதுக்குவார், நகர்த்துவார், இழுத்து அடிப்பார், தூக்குவார், காலை நீட்டித் தடுப்பார். தெருவில் ஆடும் பிள்ளைகள் ‘கட்டை போடுறான்’ என்பார்கள். நாள் முழுக்கக் கட்டை போட்டு ஒருவர் டெஸ்ட்டைக் காப்பாற்றினால் அந்த வார்த்தையைத் தாராளமாக எழுதலாம், எல்லோருக்கும் புரியும். வானொலியில் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் படம் இல்லாமல், வார்த்தையாலேயே பந்தைக் காட்டியவர்கள். பந்து எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் போனது, யார் துரத்துகிறார் என்று சொன்னால்தான் கேட்பவருக்குக் கண் தெரியும். ‘சிதறடித்தார்’ என்று மட்டும் சொன்னால் வானொலியில் ஒன்றுமே தெரியாது. உங்கள் செய்தியை யாரையாவது வாசிக்கச் சொல்லி, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பந்து எங்கே போனது என்று தெரியாத வாக்கியங்களைக் குறித்து வையுங்கள். திருத்த வேண்டியது அவற்றைத்தான்.

சட்டென்று, விருட்டென்று, டப்பென்று போன்ற ஒலிக்குறிப்புகளும் நல்ல கருவி. ஒரு செய்திக்கு ஒன்று போதும். உப்பு மாதிரி.

இவ்வளவும் எழுத்து நுட்பம். ஆனால் 1999 மேட்சைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். அன்று ஆட்டம் முடிந்ததும் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். சேப்பாக்கம் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்த அணி 12 ரன்னில் தோற்றிருக்கிறது, டெண்டுல்கர் அவுட் ஆனதும் அழுதவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள், அவர்களும் எழுந்து நின்றார்கள். இன்றைக்கும் அந்த மேட்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்கோருக்கு முன்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது நான் முதலில் எழுதிய யுத்தப் பத்திக்குப் போங்கள். அதன் முடிவில் இந்தக் காட்சியை ஒட்ட முடிகிறதா? பரம எதிரி வந்தான், யுத்தத்தில் நம்மைச் சரணடைய வைத்தான், நாம் எழுந்து கைதட்டினோம் என்று எழுதினால் கிறுக்குத்தனமாக இருக்கிறது. ஒட்டவே ஒட்டாது. அன்றைய நாளின் மிக முக்கியமான உண்மைக்கு அந்த மொழியில் இடமே இல்லை. இரண்டாவது பத்திக்குப் பின்னால் அது தன்னால் வந்து உட்காருகிறது. ஒரு ஆட்டத்தைக் கண்ணெதிரே காட்டிய பிறகு, நன்றாக ஆடியவர்களுக்குக் கைதட்டுவது இயல்பான அடுத்த வரி. நாகரிகத்துக்காகத்தான் சண்டை வார்த்தையை விடச் சொல்கிறார்கள் என்று உங்கள் ஆசிரியர் நினைத்தால், இந்தப் பரீட்சையை அவருக்கு வைத்துப் பாருங்கள். சண்டை மொழி நடந்ததை நடந்தபடி எழுத விடாது. என் முக்கியமான புகார் அதுதான்.

அடுத்து, எந்த வார்த்தையை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் துரத்திக்கொண்டு போக வேண்டாம். ‘விக்கெட்டை வீழ்த்தினார்’ என்பதில் தவறே இல்லை, ஸ்டம்ப் மேலிருக்கும் குச்சிகள் நிஜமாகவே விழுகின்றன. ‘அடித்தார்’ என்றால் மட்டையால் பந்தை அடித்தார். ‘வீரர்’ என்ற சொல்லை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம், இடையிடையே ‘ஆட்டக்காரர்’ போட்டுக்கொள்ளலாம். ‘களம் இறங்கினார்’ என்பதைப் போர்க்களம் என்று சிலர் தவிர்க்கிறார்கள். தேவையில்லை. களம் என்றால் நெல்லடிக்கும் களமும் களம்தான், புறநானூற்றில் போர்க்களத்தையே ஏர்க்களமாகப் பார்த்துப் பாடிய பாட்டு உண்டு. கால்பந்தில் ‘தாக்குதல் ஆட்டம்’, ‘தற்காப்பு ஆட்டம்’ என்பவை கலைச்சொற்களாகவே ஆகிவிட்டன. நான் ‘முன்னேறி ஆடினார்கள்’, ‘பின்னால் கூட்டமாக நின்று தடுத்தார்கள்’ என்று எழுதுவேன். காரணம் அது எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ‘எதிரணி’ இருக்கட்டும், எதிர்ப்பக்கம் நிற்கும் அணி. ‘எதிரி’ வேண்டாம்.

சந்தேகமான வார்த்தைக்கு நான் வைக்கும் சோதனை ஒன்று. பக்கத்துப் பத்தியில் அதே வார்த்தை நிஜ அர்த்தத்தில் வந்தால் என்ன ஆகும்? 2009 மார்ச் 3 அன்று லாகூரில், பாகிஸ்தானுடன் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த இலங்கை அணியின் பஸ் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்கள் இறந்துபோனார்கள். அதே டெஸ்ட்டில் 214 ரன் எடுத்திருந்த திலான் சமரவீராவின் தொடையில் குண்டு பாய்ந்தது. முந்தின நாள் வரை அவரைப் பற்றி ‘ரன் வேட்டை’, ‘பாகிஸ்தான் பவுலர்களைச் சுட்டுத் தள்ளினார்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், மறுநாள் அதே பக்கத்தில் என்ன வார்த்தை மிச்சம் இருக்கும்? நம் வாசகர்களில் ஷெல் விழுந்த ஊரிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். ‘குண்டுமழை பொழிந்தார்’ என்று ஒரு சிக்ஸரைச் சொன்னால், அவர்கள் காதில் அது உவமையாக விழாது.

பவுன்சரை எழுதும்போதும் இப்படித்தான். 2014 நவம்பரில் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இரண்டு நாளில் இறந்துபோன பிறகு, ‘ஆளைக் கொல்லும் பவுன்சர்’ என்று எழுத என் கை வரவில்லை. பந்து எவ்வளவு உயரத்தில் வந்தது, ஆட்டக்காரர் எந்தப் பக்கம் தலையை விலக்கினார், ஹெல்மெட்டின் எந்த இடத்தில் உரசியது என்று எழுதினால் வாசகருக்கே உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் நிஜமான வன்முறை நடந்தால் அதை மழுப்பக் கூடாது. ஒருவர் வேண்டுமென்றே முழங்கையால் இடித்தால் ‘முழங்கையால் இடித்தார்’ என்றே எழுத வேண்டும். ரத்தம் வந்தால் ரத்தம். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவும் பாட்டுகளில் குடல் சரிவதுகூட வருகிறது, அங்கே உண்மையிலேயே அது நடந்தது. அப்படி இருந்தும் அந்த ஆட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தழுவுதல்’. மதுரைப் பக்கம் இன்றைக்கும் ‘மாடு அணையுறது’ என்றுதான் சொல்கிறார்கள். திமிலைக் கட்டிக்கொண்டு மாட்டோடு சேர்ந்து துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வினை எவ்வளவு துல்லியம் என்று தெரியும். ‘காளையை அடக்கினார்’ என்று நாம் எழுத ஆரம்பித்தபோது அந்தக் காட்சி கொஞ்சம் மங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

புதிதாக மாறுகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, சண்டைக்குப் பதில் பேரிடர். சூறாவளி, பூகம்பம், சுனாமி. 2004 டிசம்பர் 26-ஐ நாகப்பட்டினத்தில் பார்த்தவர்களுக்கு ‘சிக்ஸர் சுனாமி’ என்பது விளையாட்டு வார்த்தை இல்லை. அதோடு, அதுவும் பந்தைக் காட்டுவதில்லை. இன்னொன்று, அடைமொழி. வினையில் தெம்பு போனதும் அபாரமான, அசத்தலான, மகத்தான என்று முன்னால் முட்டுக்கொடுப்பார்கள். எழுதி முடித்ததும் அடைமொழிகளை எண்ணிப் பாருங்கள். பத்திக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் ஏதோ ஒரு வினை வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

‘பழிதீர்த்தது’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியர்கள் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பது இதைத்தான். முன்கதை இருக்கிறது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறதே என்பார்கள். முன்கதையையே சொல்லிவிடுங்கள். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் இந்தியாவை வென்றது. 2024 ஜூன் 24 அன்று செயின்ட் லூசியாவில், டி20 உலகக் கோப்பையில், இந்தியா 24 ரன் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியாவை வென்றது. இதைப் பழிதீர்த்தது என்று சொன்னால், ஒன்று 50 ஓவர் கோப்பை, மற்றது 20 ஓவர் கோப்பை, ஒன்று இறுதி ஆட்டம், மற்றது இல்லை என்பதெல்லாம் மறைந்துவிடுகிறது. இப்படி எழுதலாம்: "அகமதாபாத்தில் கோப்பையை நழுவவிட்டு ஏழு மாதம் ஆகிறது. அதே ஆஸ்திரேலியா எதிரே. ஸ்டார்க்கின் ஒரே ஓவரில் ரோஹித் நான்கு சிக்ஸர் தூக்கினார். 41 பந்தில் 92." ஆறாத வலி இதிலும் தெரிகிறது. ரோஹித் அதை எப்படி ஆடித் தீர்த்தார் என்பதும் தெரிகிறது.

கடைசியாகத் தலைப்பு. உங்களுக்கு நிஜமான சிக்கல் அங்கேதான் வரும். ‘சாய்த்தது’, ‘சுருட்டியது’, ‘பந்தாடியது’ எல்லாம் ஒரு பத்தி அகலத் தலைப்பில் அழகாக உட்காரும் என்பதால்தான் நாம் அவற்றுக்குப் பழகினோம். இடத்துக்காக வந்த பழக்கம் இது. அதனால் செய்தியை எழுதி முடித்த பிறகு, அந்த ஆட்டத்துக்கு மட்டுமே சொந்தமான ஒரு விவரத்தை எடுத்துத் தலைப்பில் வையுங்கள். சேப்பாக்கம் டெஸ்ட்டுக்கு ‘சக்லைன் சுழலில் சரணடைந்தது இந்தியா’ என்பதற்குப் பதில் ‘17 ரன் இருக்கும்போது...’ என்று வைக்கலாம். ‘நான்கே ரன்னில் நான்கு விக்கெட்’ என்றும் வைக்கலாம், டெண்டுல்கரையும் சேர்த்து 254-லிருந்து 258-க்குள் போனவை நான்கு. எழுத்து எண்ணிக்கையும் பழைய தலைப்பைவிடக் குறைவு. அடுத்த மேட்சுக்கு இதுபோல் இரண்டு தலைப்பு எழுதி, பழைய பாணித் தலைப்பு ஒன்றோடு சேர்த்து மூன்றையும் ஆசிரியர் மேஜையில் வையுங்கள். எதையும் விளக்க வேண்டாம், அவரே தேர்ந்தெடுக்கட்டும்.